கண்ணாடியில் இருக்கும் திகதி வேறு, காப்புறுதி அட்டையில் இருக்கும் திகதி வேறு

நமது தோட்டங்களில் இன்று ஆட்டோ இல்லாத டிவிசன் குறைவு. கொழுந்து பறிக்கும் அம்மாவின் சேமலாப நிதியிலும், அப்பா வாங்கிய கடனிலும், லீசிங் கம்பனியின் தவணையிலும் வாங்கிய வண்டிகள் அவை. அந்த வண்டிகளில் பாதி இப்போது தோட்டத்தில் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஓடுகின்றன. நமது பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்கி, சொந்த வண்டியிலோ, நாள் வாடகைக்கு எடுத்த வண்டியிலோ ஹயர் ஓடி, மாதக் கடைசியில் வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள்.

அந்த வண்டிகளின் காப்புறுதி பற்றியே இந்தக் கட்டுரை. குறிப்பாக, காப்புறுதி காலாவதியான பிறகும் ஓடும் வண்டியைப் பற்றி. பாடசாலையில் பிள்ளைகளின் பெற்றோர் கொண்டு வந்து காட்டும் அட்டைகளை வாசித்துச் சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். காப்புறுதி வேண்டாம் என்று முடிவெடுத்து யாரும் அதை விடுவதில்லை. முடிந்துவிட்டது என்று தெரியாமல்தான் விடுகிறார்கள்.

அதற்கு முதற்காரணம் வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம். வருடா வருடம் அதை எடுக்கப் போகும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்ட வேண்டும். ஆகவே, கண்ணாடியில் இருக்கும் பத்திரம் செல்லுபடியானால் காப்புறுதியும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல. பத்திரம் எடுத்த அன்று காப்புறுதி இருந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று இல்லை. வருமான அனுமதிப்பத்திரம் செப்டெம்பர் வரை இருக்கும். காப்புறுதி ஜூனிலேயே முடிந்திருக்கும். இடையில் உள்ள மூன்றரை மாதமும் வண்டி பார்வைக்கு ஒழுங்காகவே ஓடும். பொலிஸார் காப்புறுதி அட்டையைக் கேட்கும் வரைக்கும், அல்லது யார் மீதாவது மோதும் வரைக்கும் எதுவும் தெரியாது.

இரண்டாவது காரணம் லீசிங். முதல் வருடக் காப்புறுதிப் பணத்தை லீசிங் கம்பனியே கட்டி, அதைத் தவணையில் சேர்த்துவிடுவது உண்டு. இரண்டாம் வருடமும் அப்படித்தான் என்று வீட்டில் நம்பியிருப்பார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தால், இரண்டாம் வருடத்திலிருந்து காப்புறுதியை உரிமையாளரே புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கலாம். தவணையை ஒழுங்காகக் கட்டுபவருக்கே காப்புறுதி அற்றுப்போவது இப்படித்தான். லீசிங் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கம்பனியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வருடக் காப்புறுதி தவணைக்குள் இருக்கிறதா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சலுகை நாள் என்ற நம்பிக்கை

மூன்றாவது காரணம் ஒரு தவறான நம்பிக்கை. "முடிந்தாலும் ஒரு மாதம் பொறுப்பார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு ஆயுள் காப்புறுதியிலிருந்து வந்தது. தோட்டங்களுக்கு வரும் முகவர்கள் விற்கும் ஆயுள் பொலிசிகளில் தவணை தவறினால் பொதுவாக முப்பது நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களுக்குள் மரணம் நேர்ந்தாலும் பாதுகாப்பு தொடரும். அதற்குப் பிறகும், நிலுவையைக் கட்டி, உடல்நலம் பற்றி அறிவித்து, பொலிசியை மீண்டும் உயிர்ப்பிக்க வழி இருக்கிறது.

வாகனக் காப்புறுதி அப்படியல்ல. அது ஒரு வருட ஒப்பந்தம். அட்டையில் எழுதியுள்ள நாள் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. அதற்குப் பின் நீங்கள் கட்டும் பணம் பழைய பொலிசியை நீட்டாது. புதிய பொலிசி ஒன்றைத் தொடக்கும். அந்தப் புதிய பொலிசி கட்டிய நாளிலிருந்து, கட்டிய நேரத்திலிருந்து முன்னோக்கி மட்டுமே செல்லும். அதனால்தான் புதிதாகக் கொடுக்கும் அட்டையிலோ தற்காலிகக் காப்புக் குறிப்பிலோ தொடங்கும் திகதியோடு நேரத்தையும் பதிகிறார்கள். காலை பத்து மணிக்கு விபத்து, பதினொரு மணிக்குப் பணம் கட்டினால், அந்த விபத்துக்குக் காப்பு இல்லை.

இன்னொரு குழப்பம் கைத்தொலைபேசியில் வருகிறது. நமது பிள்ளைகள் தமிழில் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எடுத்தவை. அவற்றில் "தொண்ணூறு நாளுக்குள் புதுப்பித்தால் போதும்" என்று சொல்வார்கள். அது இந்திய விதி. அதையும் முழுதாகக் கேட்க வேண்டும். இந்தியாவில் அந்த 90 நாள் காப்பாற்றுவது நோ க்ளெய்ம் போனஸ் என்ற கழிவை மட்டுமே. அந்த 90 நாளுக்குள் விபத்து நடந்தால் அங்கேயும் காப்பு கிடையாது. இலங்கையில் அந்த 90 நாள் விதி செல்லாது. இங்கே எத்தனை நாள் வரை போனஸை விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு கம்பனியும் தானே வைத்துக்கொள்கிறது.

மூன்று நட்டங்கள், மூன்று அளவு

காலாவதியான காப்புறுதியால் வரும் நட்டம் மூன்று வகை: தண்டம், போனஸ் இழப்பு, விபத்துக்குப் பின் வெறுங்கை. நாம் அதிகம் பேசுவது முதலாவதைப் பற்றி. ஆனால் மூன்றிலும் சிறியது அதுதான்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 99 ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக்கான காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனத்தைப் பாவிக்கக் கூடாது என்கிறது. மூன்றாம் தரப்பு என்றால் வண்டிக்காரரும் அல்ல, கம்பனியும் அல்ல; வண்டியால் அடிபடும் வெளி ஆள். அந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை. காப்புறுதி இல்லாத வண்டியை இன்னொருவர் ஓட்ட விடுபவரும் குற்றவாளிதான். நாள் வாடகைக்கு வண்டி கொடுக்கும் உரிமையாளர் "நான் வண்டியில் இல்லையே" என்று ஒதுங்க முடியாது.

தண்டம் எவ்வளவு என்பது பெரிய சண்டையாகவே நடந்தது. 2016 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது உட்படச் சில பாரதூரமான வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று முன்மொழிந்தார்கள். அதை எதிர்த்துத் தனியார் பஸ் சங்கங்கள் டிசம்பர் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தன. அந்த 25,000 என்ற எண்ணை நமது கணக்கில் வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வந்தது. 25,000 ரூபா என்பது அந்தச் சம்பளத்தில் பதினெட்டு நாளுக்கும் மேல். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் கட்டினால் அத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது நட்டம் போனஸ். முழுக் காப்புறுதி எடுத்தவர் ஒரு வருடம் முழுவதும் கம்பனியிடம் நட்டஈடு கேட்காமல் இருந்தால், அடுத்த வருடக் கட்டணத்தில் ஒரு வீதம் கழித்துக் கொடுப்பார்கள். வருடங்கள் சேரச் சேரக் கழிவும் கூடும். இதைத்தான் எல்லோரும் நோ க்ளெய்ம் போனஸ் என்கிறோம். பெயர் போனஸ் என்றாலும் கையில் காசாக வராது. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இது இல்லை. அவர்கள் இந்த நட்டத்தை விட்டுவிட்டு மூன்றாவதைப் பார்க்கலாம்.

முழுக் காப்புறுதிக்காரருக்கு, பொலிசி தொடர்ச்சியாக இருப்பதே போனஸின் உயிர். இடைவெளி விழுந்தால் கம்பனி அவரைப் புதிய வாடிக்கையாளராக எடுத்துக்கொள்ளலாம். சில நாள் தாமதத்தைப் பெரிதுபடுத்தாத கம்பனியும் உண்டு. மறுநாளே வண்டியைக் கொண்டு வா, நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும், பழுது இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லும் கம்பனியும் உண்டு. காப்பு இல்லாத நாட்களில் வண்டி எங்காவது மோதியிருந்தால் அந்தப் பழைய பழுதைப் புதிய பொலிசியில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பரிசோதனை. அதில் தவறு சொல்ல முடியாது.

ஒரு வண்டியின் கணக்கு

மூன்றாவது நட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்த எண்கள் இவை. உங்கள் கம்பனியின் எண்கள் வேறாக இருக்கும்.

வண்டியின் உரிமையாளர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். வண்டி கொட்டாஞ்சேனையில் நிற்கிறது. தங்கை மகன் ஓட்டுகிறார். முழுக் காப்புறுதி. கழிவு இல்லாமல் கட்டணம் 40,000 ரூபா. நான்கு வருடம் நட்டஈடு கேட்காததால் நாற்பது வீதம் கழிந்து 24,000 ரூபா கட்டி வந்தார். அட்டை ஜூன் 10 ஆம் திகதி நள்ளிரவோடு முடிகிறது. கண்ணாடியில் இருக்கும் வருமான அனுமதிப்பத்திரம் செப்டெம்பர் 30 வரை. கம்பனியின் நினைவூட்டல் பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போகிறது. மாமா, மருமகன் கட்டியிருப்பான் என்று நினைக்கிறார். மருமகன், மாமா கட்டியிருப்பார் என்று நினைக்கிறான்.

ஜூலை 3 ஆம் திகதி, காப்பு இல்லாத இருபத்துமூன்றாவது நாள், வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்த ஒரு பெண் மீது வண்டி மோதுகிறது. அவருக்குக் கால் எலும்பு முறிகிறது. வண்டியைத் திருத்த 60,000 ரூபா.

காப்பு இருந்திருந்தால் கம்பனியின் மதிப்பீட்டாளர் அங்கேயே வந்திருப்பார். திருத்தச் செலவில் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு போக மீதியைக் கம்பனி கொடுத்திருக்கும். அந்தப் பெண்ணுக்கான நட்டஈட்டையும் கம்பனியே பேசித் தீர்த்திருக்கும். நட்டஈடு கேட்டதால் அடுத்த வருடம் போனஸ் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

காப்பு இல்லாததால் இப்போது என்ன? தண்டத்துக்கு 25,000 என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் 60,000. பிறகு போனஸ். கம்பனி முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லி, வருடத்துக்குப் பத்து வீதமாக ஏற்றுகிறது என்றால், கட்டணம் முதல் வருடம் 40,000, அடுத்து 36,000, பிறகு 32,000, பிறகு 28,000. பழையபடி 24,000 ஆக ஐந்தாம் வருடம் ஆகும். நான்கு வருடத்தில் மேலதிகமாகக் கட்டியது 16,000, 12,000, 8,000, 4,000. கூட்டினால் 40,000 ரூபா. இந்த மூன்றும் சேர்ந்து 125,000 ரூபா. கடன்பட்டாவது தாங்கலாம்.

தாங்க முடியாதது அந்தப் பெண்ணின் கால். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்றாலும், ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமை, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடப்பது, வலி, வேதனை இவற்றுக்கெல்லாம் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அதற்கு அட்டவணை இல்லை. நீதிமன்றம் சாட்சியத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும். ஆறு இலட்சம் என்று தீர்ப்பு வந்தால் அது அந்த 1,350 ரூபாக் கணக்கில் 444 நாட்சம்பளம். கவனக்குறைவாக ஓட்டியவர் என்ற வகையில் அந்தப் பொறுப்பு முதலில் மருமகனின் தலையில் விழும். வண்டியை அனுப்பிய மாமாவும் வழக்கில் வருவார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பொலிசி நடைமுறையில் இருந்து, உரிமையாளர் ஏதோ ஒரு நிபந்தனையை மீறியிருந்தால், அது அவருக்கும் கம்பனிக்கும் இடையிலான வழக்கு. அப்போதும் அடிபட்டவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகையைக் கம்பனி அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. ஆனால் பொலிசியே முடிந்துவிட்டால் தட்டுவதற்குக் கம்பனி என்ற கதவே இல்லை. அடிபட்ட பெண்ணுக்கு முன்னால் நிற்பது காசில்லாத ஓர் இளைஞன் மட்டுமே.

அந்தப் பெண் யார் என்பதையும் யோசியுங்கள், தோழர்களே. வெள்ளவத்தை வீடுகளில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் போயிருப்பது நமது லயத்துப் பெண்கள்தான். கொட்டாஞ்சேனைக் கடைகளில் மூட்டை தூக்குவது நமது ஆண்கள்தான். தீர்ப்பு கையில் இருந்தும் வாங்க ஆளில்லாமல் நிற்கப் போவது நமது தங்கையாகவும் இருக்கலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியது வண்டிக்காரரின் நன்மைக்காக மட்டுமல்ல, அந்தத் தங்கைக்காகவும்தான்.

முடிந்துவிட்டது என்று தெரிந்தால்

திகதி தாண்டிவிட்டது என்று கண்டால், வண்டியை நிறுத்துங்கள். காப்புறுதி அலுவலகத்துக்கும் அந்த வண்டியில் போக வேண்டாம். அந்தப் பயணத்துக்கும் காப்பு இல்லை. கம்பனிக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை நாள் தாமதம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பரிசோதனை வேண்டும் என்றால் வண்டி நிற்கும் இடத்துக்கு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். பழைய போனஸ் தொடர்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு கம்பனியையும் விசாரியுங்கள். அதற்குப் பழைய கம்பனியிடமிருந்து, நீங்கள் எத்தனை வருடம் நட்டஈடு கேட்கவில்லை என்ற கடிதம் தேவைப்படும். கேட்டு வாங்குங்கள்.

புதிய அட்டை கைக்கு வந்ததும் நான்கு விடயத்தைப் பாருங்கள். வாகன இலக்கம், உரிமையாளரின் பெயர், தொடங்கும் திகதியும் நேரமும், முடியும் திகதி. கூடவே, வண்டி ஹயருக்கு ஓடுவதாக எழுதியிருக்கிறதா, சொந்தப் பாவனைக்கு என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டணம் குறையும் என்று சொந்தப் பாவனைக்கு எடுத்துவிட்டு ஹயர் ஓடினால், விபத்து நடந்த அன்று கம்பனி முதலில் கேட்பது அதைத்தான்.

விபத்து நடந்த பின்தான் காலாவதி தெரிய வந்தால், முதலில் அடிபட்டவரைப் பாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு அறிவியுங்கள். அதற்குப் பின் ஒரு சோதனை வரும். "இப்போதே காசு கட்டு, நாளைக்கு விபத்து நடந்ததாகச் சொல்லலாம்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவிலும் பொலிஸ் முறைப்பாட்டிலும் திகதியும் நேரமும் இருக்கும். அட்டையிலும் நேரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே பொய் வெளியே வந்துவிடும். தண்டத்தோடு நிற்க வேண்டியது மோசடி வழக்காக மாறும். அதேபோல், வேறொருவர் ஓட்டியதாகச் சொல்லி ஆள் மாற்றுவதும் வேண்டாம். அடிபட்டவரின் குடும்பத்தோடு நேரில் பேசி, கொடுக்கும் பணத்துக்கு எழுத்தும் சாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இணக்கம் பொலிஸ் வழக்கைத் தானாக நிறுத்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடிபட்டவர் நம்மவர் என்றால், மோதிய வண்டியின் இலக்கத்தோடு காப்புறுதிக் கம்பனியின் பெயரையும், பொலிசி இலக்கத்தையும், முடியும் திகதியையும் அட்டையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை வாங்குங்கள். நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தீர்ப்பு வென்றாலும் கம்பனி பணம் தரத் தேவையில்லை. இதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே நினைவூட்டுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

உரிமையாளர்தானே திகதியைப் பார்க்க வேண்டும், இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பொறுப்பு உரிமையாளருடையது என்பதில் மறுப்பில்லை. ஆனால் நமது வீடுகளுக்கு வரும் அட்டையும் பொலிசியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நமது பணத்தைத் தமிழில் பேசி வாங்கும் கம்பனி, திகதி முடிகிறது என்பதையும் தமிழில் சொல்ல வேண்டும். முடிவதற்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் தமிழில் குறுந்தகவல் வர வேண்டும். அதில் மூன்று விடயம் இருந்தால் போதும்: எந்த நாள் முடிகிறது, எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் தாண்டினால் போனஸ் போகும். மூன்றாவதைக் கம்பனிகள் இன்று கேட்டால்தான் சொல்கின்றன. அதை அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட வேண்டும்.

இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பிலேயே இருக்கிறது. இந்தக் கோரிக்கையை நமது சங்கம் எழுத்தில் அங்கே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தனிப்பட்ட முறைப்பாடு உள்ளவர்கள் முதலில் கம்பனிக்கு எழுதி, பதில் சரியில்லை என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

லீசிங் கம்பனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். தவணைப் பற்றுச்சீட்டில் "காப்புறுதி உள்ளடங்கும்" அல்லது "உள்ளடங்காது" என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாமல்தான் ஒழுங்காகத் தவணை கட்டும் குடும்பங்களும் ஏமாறுகின்றன.

கம்பனிகள் மாறும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்கலாம். தோட்டத்து வண்டிகளின் இலக்கம், வருமான அனுமதிப்பத்திரம் முடியும் நாள், காப்புறுதி முடியும் நாள், இந்த மூன்றும் ஒரே வரியில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆங்கில அட்டையில் திகதி எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும், மாதாந்தக் கூட்டத்துக்கு முன் வாசித்து எழுதிவிடும். அடுத்த மாதம் யாருக்கு முடிகிறது என்பதைக் கூட்டத்தில் சந்தா வாங்கும்போதே தலைவர் சொல்லலாம். கொழும்பில் ஓடும் வண்டியின் அட்டையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாள் வாடகைக்கு வண்டி எடுக்கும் பிள்ளைகளோ, சாவியை வாங்குவதற்கு முன் அட்டையைக் கேட்டு, திகதியைப் பார்த்துவிட்டே ஏற வேண்டும். காட்ட மறுக்கும் உரிமையாளரின் வண்டியை விட்டுவிடுங்கள். ஒரு நாள் ஹயர் போனால் மறுநாள் உழைக்கலாம்.